பதினாறு கோர்களும் ஒரே ஃபோட்டானும்

புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால், எவ்வளவு கதிர் உடலில் எங்கே போய்ச் சேரும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். அப்படிப் போடும் கணக்குகளில் மிக நுணுக்கமானது மான்டி கார்லோ முறை. உடலுக்குள் நுழையும் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக, புறப்பட்ட இடத்திலிருந்து அடங்கும் இடம் வரை பின்தொடர்ந்து போவதுதான் அந்த முறை. ஒரு ஃபோட்டான் எத்தனை சென்டிமீட்டர் போன பிறகு ஓர் அணுவோடு மோதும்? மோதினால் அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடுமா, சிதறிப் போகுமா? சிதறினால் எந்தக் கோணத்தில்? இயற்கையில் இவையெல்லாம் வாய்ப்பைப் பொறுத்தவை. ஆகவே கணினியும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ரேண்டம் எண்ணை எடுத்து அதைக்கொண்டு விடை சொல்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நாய்மனும் நியூட்ரான்களுக்காகத் தொடங்கிய வழி இது. இன்று மருத்துவமனை வரை வந்திருக்கிறது.

ஒரே ஒரு முடிவை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு ஃபோட்டான் தண்ணீருக்குள் போகும்போது, சராசரியாக 14 சென்டிமீட்டர் கடந்த பிறகு மோதும். நம் உடலின் பெரும்பகுதி தண்ணீர் போலத்தான் நடந்துகொள்கிறது. கணினி 0-க்கும் 1-க்கும் இடையில் u என்று ஒரு ரேண்டம் எண்ணை எடுத்து, இந்தச் சூத்திரத்தில் போடுகிறது:

```
தூரம் = -14 × ln(u)
```

u என்பது 0.73 ஆக வந்தால் தூரம் 4.4 சென்டிமீட்டர். அந்த ஃபோட்டான் தோலுக்கு உள்ளே 4.4 சென்டிமீட்டரில் மோதியது என்று எழுதிக்கொண்டு, அடுத்த ரேண்டம் எண்ணால் அடுத்த கேள்விக்குப் போகிறது. ஒரு ஃபோட்டானின் கதை முடிவதற்குச் சராசரியாகப் பத்து எண்கள் செலவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் ஃபோட்டான்களுக்கு ஒரு கோடி எண்கள் வேண்டும்.

இப்போது கட்டிக்குள் ஒரு சிறு கனசதுரத்தைக் குறித்துக்கொண்டு, அதில் எத்தனை ஃபோட்டான்கள் மோதுகின்றன என்று எண்ணுவோம். நூற்றில் ஒன்று அங்கே மோதுகிறது என்றால், பத்து லட்சத்தில் 10,000 மோதல்கள். இது வாய்ப்புக் கணக்கு என்பதால் ஒவ்வொரு முறையும் சரியாக 10,000 வராது. 10,000-இன் வர்க்கமூலம் 100. ஆக, எண்ணிக்கை ஏறத்தாழ 100 கூடலாம், குறையலாம். அதாவது 1 சதவீதப் பிழை. மருத்துவருக்கு இது போதாதென்றால் ஃபோட்டான்களைக் கூட்ட வேண்டும். கணினியில் 16 கோர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சம் ஃபோட்டான்களைக் கொடுத்துவிடலாம். மொத்தம் 1,60,000 மோதல்கள். அதன் வர்க்கமூலம் 400. பிழை 0.25 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பதினாறு மடங்கு உழைப்பு, நாலில் ஒரு பங்கு பிழை, அதுவும் காத்திருக்கும் நேரம் கூடாமல்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின்மீது நிற்கிறது. பதினாறு கோர்களும் வெவ்வேறு ஃபோட்டான்களைப் பின்தொடர வேண்டும். எல்லாக் கோர்களும் ஒரே ரேண்டம் எண் தொடரைப் பயன்படுத்தினால், பதினாறும் அதே பத்து லட்சம் ஃபோட்டான்களின் அதே கதையைப் பதினாறு முறை எழுதும். உண்மையான பிழை 1 சதவீதத்திலேயே நிற்கும். ஆனால் நிரல் 1,60,000-க்கு வர்க்கமூலம் எடுத்து 0.25 சதவீதம் என்று அச்சடிக்கும். இந்தக் கோளாற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். நிரல் நின்றுபோவதில்லை, எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. தப்பான விடை, அதிக நம்பிக்கையோடு வந்து நிற்கிறது.

எல்லாக் கோர்களும் ஒரே தொடரைப் பயன்படுத்தும் அளவுக்கு யாரும் கவனமில்லாமல் இருப்பார்களா என்று கேட்கத் தோன்றும். நிரல் எழுதுபவர் எதுவுமே செய்யாவிட்டால் பல நேரங்களில் அதுதான் நடக்கிறது. கணினி தரும் ரேண்டம் எண்கள் ஒரு விதிப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறப்பவை. தொடங்கும் எண்ணை, அதாவது விதை எண்ணைக் கொடுத்துவிட்டால் மீதித் தொடர் முழுவதும் தீர்மானமாகிவிடும். லினக்ஸில் ஒரு ப்ரொசஸ் தன்னைப்போல இன்னொன்றைக் கிளைக்கும்போது நினைவகத்தை அப்படியே நகலெடுக்கிறது. ரேண்டம் எண் இயந்திரம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையும் சேர்ந்தே நகலாகிறது. 2021-இல் பைடார்ச் பயன்படுத்துவோரிடையே இது பெரிதாகப் பேசப்பட்டது. படங்களைத் தாறுமாறாக வெட்டி, திருப்பிப் பயிற்சிக்குத் தயாரிக்கும் துணை ப்ரொசஸ்கள் நம்பை நூலகத்தின் ரேண்டம் எண்களைப் பயன்படுத்தியபோது, எல்லாம் ஒரே மாதிரி வெட்டிக்கொண்டிருந்தன. பலர் அதைக் கவனிக்காமலே வேலையை முடித்திருந்தார்கள். பின்னர் வந்த பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது.

தொடரை எப்படிப் பங்கிடுவது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய புத்தகம் உதவும். 1955-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் பத்து லட்சம் ரேண்டம் இலக்கங்களை ஒரு புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டது. நானூறு பக்கம், பக்கத்துக்கு ஐம்பது வரி, வரிக்கு ஐம்பது இலக்கம், வெறும் எண்கள். கணினி எளிதில் கிடைக்காத காலத்தில் ஆய்வாளர்கள் அதிலிருந்து எண்களை வாசித்துக் கணக்குப் போட்டார்கள். பதினாறு எழுத்தர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். அடுத்துத் தோன்றும் யோசனை, ஆளுக்கொரு பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துத் தொடங்குவது.

அதில் இருவரின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழ வாய்ப்புண்டு. எவ்வளவு வாய்ப்பு என்பது புத்தகத்தின் நீளத்தைப் பொறுத்தது. பழைய இயந்திரங்கள் சில 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 430 கோடி எண்கள் கழிந்ததும் முதலிலிருந்து திரும்ப ஆரம்பிக்கும். 430 கோடி என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நம்முடைய பதினாறு கோர்களும் ஆளுக்கு ஒரு கோடி எண்கள் வாசித்தால், எங்காவது இரண்டு பகுதிகள் மோதிக்கொள்ளும் வாய்ப்பு 43 சதவீதம். பத்து முறை ஓட்டினால் நாலு முறை கெட்டுப்போகும்.

சிறிது மோதினால் என்ன, பாதிப் பக்கம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. இரண்டாவது கோர் முதல் கோரின் பகுதிக்குள் எங்கோ நடுவில் நுழைகிறது என்று கொள்வோம். முதல் கோரின் ஒரு ஃபோட்டான் அப்போது பாதிக் கதையில் இருக்கும். அதே எண்கள் இரண்டாவது கோரில் புதிய ஃபோட்டானின் தொடக்கமாக இருக்கும். ஆகவே இரண்டு கதைகளும் முதலில் வெவ்வேறாகத்தான் போகும். ஆனால் ஒரு ஃபோட்டானுக்குச் செலவாகும் எண்கள் சில நேரம் நாலு, சில நேரம் பதினைந்து. போகப்போக ஏதோ ஓரிடத்தில், இரண்டு கோர்களிலும் புதிய ஃபோட்டான் ஒரே எண்ணில் தொடங்கிவிடும். ஒரு ஃபோட்டானுக்குச் சராசரியாகப் பத்து எண்கள் என்றால், சில டஜன் ஃபோட்டான்களுக்குள் பெரும்பாலும் இது நடந்துவிடும். நடந்த அந்த நொடியிலிருந்து மோதும் பகுதி தீரும் வரை ஒவ்வொரு ஃபோட்டானும் மற்றதன் நகல். சீட்டுக்கட்டு வித்தை செய்பவர்களுக்கு இந்த ஒட்டிக்கொள்ளும் இயல்பு நன்றாகத் தெரியும். இயற்பியலாளர் மார்ட்டின் குருஸ்கல் பெயரால் வழங்கும் ஒரு வித்தை இதன்மீதுதான் நிற்கிறது.

இன்றைய இயந்திரங்களின் புத்தகம் மிகப் பெரிது. 1998-இல் ஜப்பானின் மகோட்டோ மட்சுமோட்டோவும் தகுஜி நிஷிமுராவும் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் திரும்ப ஆரம்பிப்பதற்குள் தரும் எண்களின் எண்ணிக்கையை எழுதினால் ஆறாயிரம் இலக்கங்கள் வரும். அதில் தற்செயலாக இரண்டு பகுதிகள் மோதுவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அவ்வளவு பெரிய புத்தகத்தைத் திறக்க, வழக்கமாக 32 பிட் விதை எண் ஒன்றைத்தான் கொடுக்கிறார்கள். அப்படியென்றால் திறக்கக்கூடிய பக்கங்கள் 430 கோடிதான். பெரிய கணினித் தொகுதியில் 10,000 வேலைகளை ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் தாறுமாறாக ஒரு விதை எண் கொடுத்தால், இரண்டு வேலைகளுக்காவது ஒரே விதை விழும் வாய்ப்பு 1.2 சதவீதம். 77,000 வேலைகள் என்றால் அது பாதிக்குப் பாதி. நேரத்தை விதையாகக் கொடுப்பது இதைவிட மோசம். நொடியை விதையாக எடுத்தால், ஒரே நொடியில் புறப்படும் பதினாறு கோர்களுக்கும் ஒரே விதைதான்.

இவ்வளவும் பார்த்தவர்கள் வழக்கமாகச் செய்வது, ஒரு மூல எண்ணை வைத்துக்கொண்டு அதோடு கோரின் வரிசை எண்ணைக் கூட்டுவது. முதல் கோருக்கு 12345, அடுத்ததற்கு 12346, கடைசிக்கு 12360. விதைகள் எல்லாம் வேறு, மோதல் கிடையாது. பார்க்க ஒழுங்காக இருப்பதால் இது எங்கும் பரவியிருக்கிறது. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது மிக எளிது. முடிவைச் சரிபார்க்க நாளை மூல எண்ணை ஒன்று கூட்டி மறுபடி ஓட்டுகிறோம். அப்போது கோர்களுக்குக் கிடைப்பது 12346 முதல் 12361 வரை. நேற்றைய பதினாறு தொடர்களில் பதினைந்து இன்றும் ஓடுகின்றன. இரண்டு ஓட்டங்களும் அழகாக ஒத்துப்போகும்; ஒத்துப்போகாமல் இருந்தால்தான் வியப்பு. அதைப் பார்த்து விடை உறுதி என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டாவது ஓட்டை இயந்திரத்துக்குள் இருக்கிறது. அடுத்தடுத்த விதைகள் அடுத்தடுத்த தொடக்கங்களைத் தந்துவிடலாம். ஜாவாவில் எல்லாருக்கும் தெரிந்த `Random` வகுப்பில், 0, 1, 2 என்ற விதைகளுக்கு வரும் முதல் எண்களைப் பாருங்கள்:

```java
new Random(0).nextDouble()   // 0.73097
new Random(1).nextDouble()   // 0.73088
new Random(2).nextDouble()   // 0.73115
```

0 முதல் 15 வரை எந்த விதையைக் கொடுத்தாலும் முதல் எண் 0.7298-க்கும் 0.7312-க்கும் இடையில்தான் வரும். நம்முடைய சூத்திரத்தில் போட்டால், பதினாறு கோர்களிலும் முதல் ஃபோட்டான் 4.4 சென்டிமீட்டரில் மோதுகிறது. காரணம் இயந்திரத்தின் விதி. விதையை ஒரு பெரிய எண்ணால் பெருக்கி, 2-இன் 48-ஆம் அடுக்கால் வகுத்து மீதியை எடுக்கிறது. அந்தப் பெருக்கும் எண் சுமார் 2,500 கோடி. வகுக்கும் எண்ணோ 28 லட்சம் கோடியின் பத்து மடங்கு. ஆகவே விதை ஒன்று மாறினால் முதல் விடை பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நகரும். இரண்டாவது, மூன்றாவது எண்களில் இந்த ஒட்டுறவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலங்கிவிடும், ஆனால் கோர்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டே இருக்கும்.

சரி, புத்தகத்தைக் கிழித்து ஆளுக்குப் பதினாறில் ஒரு பங்கு கொடுத்துவிடலாமே. அப்போது மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இது நல்ல யோசனைதான். ஆனால் மோதாமல் இருப்பதும் தொடர்பில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. கையாலேயே போட்டுப் பார்க்கும்படி ஒரு குட்டி இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். கையிலுள்ள எண்ணை 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எடு. அதுதான் அடுத்த எண். 0-இல் தொடங்கினால் இப்படிப் போகும்:

```
0 3 2 13 4 7 6 1 8 11 10 5 12 15 14 9
```

0 முதல் 15 வரை எல்லா எண்களும் ஒரு முறை வந்துவிட்டன. பார்க்கவும் ஓரளவு தாறுமாறாக இருக்கிறது. இதை இரண்டாக வெட்டி இரண்டு பேருக்குக் கொடுப்போம்:

```
அ:  0   3   2  13   4   7   6   1
ஆ:  8  11  10   5  12  15  14   9
```

மேலும் கீழும் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் வித்தியாசம் சரியாக 8. அ என்ன எடுத்தார் என்று தெரிந்தால் ஆ எடுத்ததைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றால் இன்னும் மோசமாகிறது. முதல் ஆளுக்கு 0, 2, 4, 6, 8 என்று இரட்டை எண்கள் மட்டும், அதுவும் ஏறுவரிசையில். இரண்டாவது ஆளுக்கு ஒற்றை எண்கள் மட்டும்.

குட்டி இயந்திரம் என்பதால் இப்படி ஆகவில்லை. 2-இன் ஏதோ ஓர் அடுக்கால் வகுத்து மீதி எடுக்கும் இந்த வகை இயந்திரம், முழுச் சுற்றும் வரும்படி அமைந்திருந்தால், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதே போலத்தான் நடந்துகொள்ளும். அதன் முழுத் தொடரைப் பதினாறாக வெட்டினால், ஒவ்வொரு கட்டத்திலும் பதினாறு கோர்களும் எடுக்கும் எண்கள் 0-க்கும் 1-க்கும் இடையே பதினாறில் ஒரு பங்கு இடைவெளியில் வரிசையாக நிற்கும். பதினாறு கோர்களின் முதல் ஃபோட்டான்களும் பரேடில் நிற்பதுபோல வெவ்வேறு ஆழங்களில் ஒழுங்காகப் பிரிந்து நின்றால், அதை வாய்ப்பு என்று சொல்ல முடியாது.

ஏன் இப்படி என்பதை, புத்தகத்தில் தாவுவது எப்படி என்று பார்த்தால் புரிந்துவிடும். எட்டாவது எண்ணைப் பெற எட்டு முறை கணக்குப் போட வேண்டியதில்லை. ஒரு படி என்பது 5x + 3. இரண்டு படிகளைச் சேர்த்து எழுதினால் 25x + 18. பதினாறால் வகுத்து மீதி எடுத்தால் 9x + 2. அதை மறுபடி அதற்குள்ளேயே போட்டால் நாலு படிகளுக்கு x + 4. இன்னொரு முறை போட்டால் எட்டுப் படிகளுக்கு x + 8. மூன்றே இரட்டிப்பில் எட்டுப் படிகளைத் தாவிவிட்டோம். அந்தத் தாவல் வெறும் "எட்டைக் கூட்டு" என்று சுருங்கிப்போனதுதான் அ-வுக்கும் ஆ-வுக்கும் உள்ள ஒட்டுறவு.

தாவும் வித்தை நல்லதுதான். தாவப்படும் இயந்திரம் சரியாக இருக்க வேண்டும். கனடாவின் மொன்றியலில் பணியாற்றிய பியர் லெக்குயே 1999-இல் வெளியிட்ட `MRG32k3a` இயந்திரம் அப்படிப்பட்டது. இரண்டு தொடர்களை ஒன்றாகக் கலந்து எண் தருகிறது. 2-இன் அடுக்கால் வகுக்காமல், 2-இன் 32-ஆம் அடுக்குக்குச் சற்றுக் கீழே உள்ள இரண்டு பகா எண்களால் வகுக்கிறது. அதன் புத்தகத்தின் நீளம் ஏறத்தாழ 2-இன் 191-ஆம் அடுக்கு. 2002-இல் லெக்குயே குழு வெளியிட்ட நூலகம், ஒவ்வொரு கோருக்கும் 2-இன் 127-ஆம் அடுக்கு எண்கள் தள்ளித் தொடக்கம் கொடுக்கிறது. ஒரு கோர் நொடிக்கு நூறு கோடி எண்கள் எடுத்தாலும், அடுத்த கோரின் இடத்தைத் தொடுவதற்கு ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பிரபஞ்சத்தின் வயது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவ்வளவு தூரம் தாவுவதற்கு 127 இரட்டிப்புகள் போதும். ஆர் மொழியில் `parallel` தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் `RNGkind("L'Ecuyer-CMRG")` என்று எழுதும்போது பயன்படுத்துவது இதைத்தான்.

இன்னொரு வழி, புத்தகத்தையே தூக்கிப் போட்டுவிடுவது. 2011-இல் நியூயார்க்கின் டி. இ. ஷா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் சால்மனும் அவருடைய சகாக்களும் ஃபிலாக்ஸ் என்ற இயந்திரத்தை வெளியிட்டார்கள். புரதங்களின் அசைவை ஏராளமான செயலிகளில் சேர்ந்து கணக்கிடும் இடம் அது. ஃபிலாக்ஸில் முந்தைய எண்ணிலிருந்து அடுத்த எண் பிறப்பதில்லை. ஒரு சாவி எண்ணையும் ஒரு வரிசை எண்ணையும் கொடுத்தால், பத்துச் சுற்றுப் பெருக்கிக் கலக்கி, அந்த இடத்துக்குரிய ரேண்டம் எண்ணை நேராகத் தந்துவிடும். ரகசியத் தகவல்களைப் பூட்டும் முறைகளிலிருந்து வந்த யோசனை இது. வரிசை எண் ஒன்று மாறினாலே விடை அடையாளம் தெரியாமல் மாறிப்போகும்படி அந்தக் கலக்கல் அமைந்திருக்கிறது. ஆகவே ஜாவாவில் பார்த்த அடுத்தடுத்த விதைச் சிக்கல் இங்கே இல்லை. சாவிகள் 1, 2, 3 என்று இருந்தாலும் கெடுதல் கிடையாது. இப்படி வரும் தொடர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று கணித நிரூபணம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பல தொடர்களை ஒன்றோடொன்று கோத்து, கடுமையான புள்ளியியல் சோதனைகளுக்கு உட்படுத்தி, எதிலும் தோற்கவில்லை என்பதுதான் நம்முடைய ஆதாரம்.

பைத்தானில் வேலை செய்பவர்களுக்கு 2019 முதல் நம்பை 1.17 பதிப்பிலேயே இதற்கான வசதி இருக்கிறது. ஒரே ஒரு மூல எண்ணைக் கொடுத்தால் போதும். அதையும் பிள்ளையின் வரிசை எண்ணையும் சேர்த்து நன்றாகக் கலக்கி, ஒவ்வொரு கோருக்கும் தனி விதையைப் பெற்றுத் தருகிறது:

```python
import numpy as np
ss = np.random.SeedSequence(12345)
rngs = [np.random.default_rng(s) for s in ss.spawn(16)]
```

மூல எண்ணை 12346 என்று மாற்றினால் பதினாறு தொடர்களும் புதியவை. 12345 + கோர் எண் என்று எழுதுவதற்கும் இதற்கும் உழைப்பில் வித்தியாசமே இல்லை. இன்னும் பழைய வழியில் எழுதுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகும். கோருக்கு ஒரு தொடர் என்று கொடுத்துவிட்டோம். நாளை அதே கணக்கைப் பன்னிரண்டு கோர்கள் உள்ள கணினியில் ஓட்டினால்? ஃபோட்டான்கள் வேறு விதமாகப் பங்கிடப்படும், விடை மாறும். அதே கணினியிலேயே கூட, வேலை முடித்த கோர் அடுத்த ஃபோட்டானை எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தால், எந்த ஃபோட்டான் எந்தக் கோருக்குப் போகும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். பிழை இருக்கிறதா, வாய்ப்பால் வந்த வித்தியாசமா என்று பிரித்தறிய வழியில்லாமல் போய்விடும். அதனால் தொடரை வேலை செய்யும் கோருக்குக் கொடுக்காமல், செய்யப்படும் வேலைக்குக் கொடுப்பதே சிறந்தது என்பது என் கருத்து. ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் தனித் தொடர். ஃபிலாக்ஸில் அது ஒரே வரி:

```python
from numpy.random import Generator, Philox
rng = Generator(Philox(key=12345, counter=[0, 0, 0, photon_id]))
```

ஃபோட்டானின் எண் எதுவோ அதுவே அதன் தொடரைத் தீர்மானிக்கிறது. அதை எந்தக் கோர் எடுத்தாலும், எந்த வரிசையில் எடுத்தாலும் கதை மாறாது. செர்ன் ஆய்வகத்தில் பிறந்து மருத்துவ இயற்பியல் வரை பரவியிருக்கும் ஜியன்ட்4 நூலகம், 2013-இல் பல கோர்களில் ஓடும் பதிப்பாக வந்தபோது இதே எண்ணத்தைத்தான் கையாண்டது. அதில் தலைமை இழை ஒவ்வொரு நிகழ்வுக்கும் விதைகளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்கிறது. நிகழ்வை எடுக்கும் இழை அந்த விதையையும் சேர்த்து எடுக்கிறது. இழைகள் நாலானாலும் நாற்பதானாலும் ஒவ்வொரு நிகழ்வும் அப்படியே வரும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டும்போது மட்டும் ஒரு சிறு வித்தியாசம் எஞ்சலாம். கணினியில் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். அது ரேண்டம் எண்களின் குற்றமல்ல. மோதல்களை முழு எண்களாக எண்ணினால் அதுவும் இருக்காது.

கையில் இருக்கும் நிரல் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் சோதனை மிக மலிவானது. ஒவ்வொரு கோரும் முதலில் எடுக்கும் மூன்று நான்கு எண்களை அச்சடித்துப் பாருங்கள். நகல் தொடர்களும் ஜாவா வகைச் சிக்கலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் நடுவில் எங்கோ மோதும் தொடர்களையும், எட்டு எட்டாகத் தள்ளி நிற்கும் தொடர்களையும் அது காட்டாது. அதற்கு முழுக் கணக்கையும், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இருபது மூல எண்களோடு, இருபது முறை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கனசதுரத்தின் மொத்த மோதல் எண்ணிக்கை 1,60,000-ஐ ஒட்டி வரும். அந்த இருபது எண்களும் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதுதான் கேள்வி. தொடர்கள் ஒழுங்காக இருந்தால் திட்ட விலக்கம் 400-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இருபதே ஓட்டங்கள் என்பதால் 330-க்கும் 470-க்கும் இடையில் வந்தால் ஐயப்பட வேண்டியதில்லை. பதினாறு கோர்களும் ஒரே தொடரை ஓட்டினால் அது 1,600 என்று வரும். ஏனென்றால் ஒரு கோரின் 100, பதினாறு முறை ஒரே திசையில் கூடுகிறது. சில கோர்கள் மட்டும் மோதிக்கொண்டால் இரண்டுக்கும் நடுவில் வரும். 400-ஐவிட மிகவும் குறைவாக, 150 என்று வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். கோர்கள் ஒன்றின் ஏற்றத்தை இன்னொன்று இறக்கி ஈடுகட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். தொடரை வெட்டிக் கொடுத்த அந்தப் பரேடு அணிவகுப்புக்கு அதுவே அறிகுறி.

ஃபோட்டானுக்கு ஒரு தொடர் என்று அமைத்துவிட்டவர்களுக்குப் பிழை தேடும்போது இன்னொரு வசதியும் கிடைக்கிறது. ஒன்றரைக் கோடி ஃபோட்டான்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, 73,45,120-ஆவது ஃபோட்டான் எலும்புக்கும் தசைக்கும் இடைப்பட்ட எல்லையில் மாட்டிக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தது என்று பதிவேடு சொல்கிறது. முழுக் கணக்கையும் மறுபடி ஓட்ட வேண்டாம். மூல எண்ணையும் அந்த ஃபோட்டானின் எண்ணையும் கொடுத்து, ஒரே கோரில் அந்த ஒரு ஃபோட்டானை மட்டும் ஓட்டினால், அது அதே எல்லையில் அதே இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு படியாக நிறுத்தி, எந்த எண்ணில் எந்த முடிவு தவறியது என்று பார்த்துத் திருத்திவிடலாம். அதற்கு வேண்டியதெல்லாம் மூல எண்ணையும், பயன்படுத்திய இயந்திரத்தின் பெயரையும், நூலகத்தின் பதிப்பு எண்ணையும் முடிவுக் கோப்பிலேயே எழுதி வைத்திருப்பதுதான்.